முதல் மாதப் பெட்ரோலுக்கு யார் பணம்?

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு பத்து மணிக்கு ஒரு தம்பி போன் செய்தார். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம், பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர். வீட்டில் முதல் பட்டதாரி. மருந்து கம்பெனி ஒன்றில் ரெப் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னார். குரலில் சந்தோஷம் இல்லை.

“என்ன தம்பி, நல்ல செய்திதானே?”

“நல்லதுதான் அண்ணா. ஒண்ணாம் தேதி சேரச் சொல்றாங்க. சம்பளம் பதினெட்டாயிரம். டிராவல் செலவு தனியா கொடுத்துடுவோம்னு சொன்னாங்க.”

“எப்ப கொடுப்பாங்க?”

“அது கேக்கல அண்ணா.”

“மாசம் எத்தனை நாள் வெளியூர் போகணும்?”

“அதுவும் கேக்கல. கேட்டா வேலை மேல ஆர்வம் இல்லன்னு நெனச்சுடுவாங்களோன்னு…”

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். முதல் மாதச் செலவுக்கு அப்பா யாரிடமோ மூணு வட்டிக்குப் பத்தாயிரம் கேட்டிருக்கிறாராம். வாங்கலாமா, வேறு யாராவது கைமாத்தாகத் தருவார்களா என்று கேட்கத்தான் அந்தப் போன்.

அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை என்பதற்காக அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் நானும் கேட்கவில்லை. என் கதையைக் கடைசியில் சொல்கிறேன். இந்தக் கேள்வியை ஏன் கேட்க வேண்டும், எப்போது, எந்த வார்த்தைகளில் கேட்க வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். வேலை தேடும் வயதில் இருக்கும் தம்பி தங்கைகள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இதில் ஒரு கணக்கு வருகிறது. அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

மருந்து ரெப் வேலையில் நாட்களை மூன்றாகப் பிரிப்பார்கள். சொந்த ஊரை, அதாவது கம்பெனி உங்களை நிறுத்தும் ஊரை, ஹெட்குவார்ட்டர்ஸ் என்பார்கள். காலையில் போய் இரவு வீடு திரும்பிவிடும் பக்கத்து ஊர் எக்ஸ் ஸ்டேஷன். இரவு தங்க வேண்டிய ஊர் அவுட் ஸ்டேஷன். மூன்றுக்கும் படி வேறு வேறு. மாதம் பிறக்கும் முன்பே டூர் புரோகிராம் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தத் தேதியில் எந்த ஊர் என்று அதில் இருக்கும். மாதம் முடிந்ததும் எக்ஸ்பென்ஸ் ஸ்டேட்மென்ட் அனுப்ப வேண்டும். ஏரியா மேனேஜர் பார்த்து ஒப்புதல் தர, தலைமை அலுவலகம் சரிபார்த்துப் பணம் போடும். வங்கியின் கலெக்ஷன் வேலை, மைக்ரோ ஃபைனான்ஸ், சர்வீஸ் இன்ஜினியர், தொண்டு நிறுவனத்தின் களப்பணி என எங்கே போனாலும் பெயர்கள் மாறும். வழி ஏறக்குறைய இதேதான்.

இப்போது தம்பியின் மாதத்தைக் கணக்குப் போடுவோம். விழுப்புரம் ஹெட்குவார்ட்டர்ஸ். மாதத்தில் 25 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 நாள் உள்ளூர். பெட்ரோலும் மதியச் சாப்பாடும் டீயும் சேர்த்து நாளுக்கு 200 ரூபாய் என்றால் 2,400. திண்டிவனம், செஞ்சி, உளுந்தூர்பேட்டை என்று பக்கத்து ஊர்களுக்கு 9 நாள். நாளுக்கு 400 என்றால் 3,600. திருவண்ணாமலையிலும் கள்ளக்குறிச்சியிலும் ஒவ்வோர் இரவு தங்கி இரண்டிரண்டு நாள் வேலை. அந்த 4 நாளுக்கும் லாட்ஜ், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 4,000. மொத்தம் 10,000 ரூபாய். ஆடம்பரம் எதுவும் இதில் இல்லை. டாக்டர் அறைக்கு முன்னால் பளிச்சென்று நிற்க இஸ்திரி போட்ட செலவைக்கூட நான் சேர்க்கவில்லை.

இனி தேதிகளைப் பாருங்கள். தம்பி ஜூன் 1 சேர்கிறார். ஜூன் மாதம் முழுக்கச் செலவழிக்கும் 10,000 ரூபாயும் அவர் கைக்காசு. முதல் சம்பளம் ஜூன் 30 அன்றுதான் வரும். ஜூன் மாத ஸ்டேட்மென்ட்டை ஜூலை 5க்குள் கொடுக்கிறார். மேனேஜர் ஒரு வாரம் கழித்துப் பார்க்கிறார். தலைமை அலுவலகம் அதை ஜூலை மாதச் சம்பளத்தோடு, அதாவது ஜூலை 31 அன்று போடுகிறது. அதற்குள் ஜூலை மாத ஓட்டமும் முடிந்துவிட்டது. அதற்கும் 10,000. ஆக ஜூலை 31 காலையில் கம்பெனி தம்பிக்குத் தர வேண்டிய பாக்கி 20,000 ரூபாய். அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்!

அன்று மாலை ஜூன் மாத 10,000 வந்துவிடும். பாக்கி பத்தாயிரமாகக் குறையும். ஆகஸ்ட் முடியும்போது மீண்டும் இருபதாயிரம் ஆகும். இப்படியே பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சராசரியாக 15,000 ரூபாய். இந்தப் பாக்கி முதல் இரண்டு மாதத்தோடு தீர்ந்துபோகிற ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். வேலையில் இருக்கும்வரை அந்தப் பதினைந்தாயிரம் கம்பெனியின் கையிலேயே இருக்கும். வேலையை விட்ட பிறகு கடைசிக் கணக்குத் தீர்க்கும்போதுதான் அது முழுதாகத் திரும்பி வரும். திரும்பி வருவதற்கும் அலைய வேண்டியிருக்கும்.

இதைக் கம்பெனியின் பக்கத்தில் இருந்து பாருங்கள். நூறு ரெப்கள் இருந்தால் 15 லட்சம் ரூபாய் வட்டி இல்லாக் கடன், எந்தப் பத்திரமும் இல்லாமல். வங்கியில் கேட்டால் ஈடு கேட்பார்கள், வட்டி கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளிடம் எதுவும் கேட்க வேண்டாம். ‘ரீஇம்பர்ஸ் செய்துவிடுவோம்’ என்ற ஒரு வார்த்தை போதும்.

நம் தம்பியின் பக்கம் அந்தக் கடன் வட்டி இல்லாததல்ல. ஜூன் மாதத்துக்குப் பத்தாயிரம் மூணு வட்டிக்கு. ஜூன் சம்பளத்தில் ஜூலை ஓட்டத்துக்குப் பத்தாயிரம் போனால் மீதி எட்டாயிரம். அதில் அறை வாடகை, சாப்பாடு, வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் நடக்க வேண்டும். நடக்காது. இன்னோர் ஐயாயிரம் வாங்குவார். பதினைந்தாயிரத்துக்கு மூணு வட்டி என்றால் மாதம் 450, வருடத்துக்கு 5,400 ரூபாய். கம்பெனி பெட்ரோல் காசைத் திருப்பித் தரும். இந்த 5,400 ரூபாயை எந்த ஸ்டேட்மென்ட்டிலும் எழுத முடியாது. அதற்குக் கட்டம் கிடையாது.

அதே நாளில், அதே சம்பளத்துக்கு, அதே வேலைக்குச் சேர்ந்த இன்னொரு பையனை நினைத்துப் பாருங்கள். அப்பா ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். “இந்தா, பத்தாயிரம் வச்சுக்கோ, அப்புறம் தா” என்பார். அவனுக்கு இது கவனத்திலேயே படாத விஷயம். இருவருக்கும் ஒரே ஆஃபர் லெட்டர். ஒருவனுடைய ஆண்டுச் சம்பளம் மட்டும் 5,400 ரூபாய் குறைவு. நிலமும் சேமிப்பும் அரசு வேலையும் தலைமுறை தலைமுறையாக யாரிடம் இருந்தன, யாரிடம் இல்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்பெனியில் யாரும் சாதி கேட்கவில்லை. ‘முதலில் நீ செலவு செய்’ என்ற விதி, கேட்காமலேயே அந்த வித்தியாசத்தைச் சம்பளத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

அரசுக்கு இது தெரியாதது அல்ல. ரயில்வே தேர்வு வாரியத்தின் தேர்வுக்குப் போகும் பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பதாரர்களுக்கு ஸ்லீப்பர் வகுப்பில் இலவசப் பயண அனுமதி தருகிறார்கள். ‘நீ டிக்கெட் எடுத்துப் போ, பிறகு காசு தருகிறோம்’ என்று சொல்லவில்லை. போகும் முன்பே தருகிறார்கள். டிக்கெட்டுக்குக் காசு இல்லாதவனுக்குப் பிறகு தரும் காசு பயன்படாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். மத்திய அரசு ஊழியர் அலுவலகப் பயணம் போகும்போதும் முன்பணம் வாங்கலாம். திரும்பி வந்து 15 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆக முன்பணம் என்பது சலுகையோ பிச்சையோ அல்ல. நாட்டின் மிகப் பெரிய முதலாளி தன் ஊழியர்களுக்குச் செய்துகொண்டிருப்பதுதான்.

தனியார் வேலையில் சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். இந்த இடத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு. ஆனால் ‘ஊதியம்’ என்றால் என்ன என்று அதே சட்டம் வரையறுக்கும்போது, வேலையின் தன்மையால் ஏற்படும் சிறப்புச் செலவுகளை ஈடுகட்டத் தரும் தொகையை வெளியே விட்டுவிடுகிறது. 1936ஆம் ஆண்டின் பழைய ஊதியம் வழங்கல் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. காரணம் நியாயமானதுதான். செலவுக்காகக் கொடுத்த காசு உழைப்புக்கான கூலி அல்ல. ஆனால் விளைவு என்ன? சம்பளத்துக்குச் சட்டம் ஒரு தேதி வைத்திருக்கிறது. உங்கள் பெட்ரோல் காசுக்கு அந்தத் தேதி பொருந்தாது. அது உங்களுக்கு வர வேண்டிய பணம்தான், வராவிட்டால் கேட்டு வழக்காடலாம். ஆனால் என்றைக்கு வர வேண்டும் என்பதைச் சொல்வது ஆஃபர் லெட்டரும் கம்பெனியின் விதியும் மட்டுமே. அதனால்தான் சேரும் முன்பே அந்தத் தேதியைக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.

சரி, எப்படிக் கேட்பது?

முதலில், எத்தனை முறை பயணம் என்ற கேள்வி. இதை முதல் போன் அழைப்பிலேயே கேட்கலாம். இது வேலை எப்படிப்பட்டது என்ற கேள்வி. பணக் கேள்வியே அல்ல. யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். ஆனால் “டிராவல் இருக்குமா மேடம்?” என்று கேட்டால், “கொஞ்சம் இருக்கும்”, “தேவைப்படும்போது” என்று பதில் வரும். அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒருவருடைய ‘கொஞ்சம்’ மாதம் இரண்டு நாள். இன்னொருவருடைய ‘கொஞ்சம்’ பன்னிரண்டு நாள்.

ஆகவே இரவைக் கேளுங்கள். “இப்போ இந்த வேலையில இருக்கறவர் போன மாசம் எத்தனை ராத்திரி வெளியூர்ல தங்கினாங்க மேடம்?” நாளைக் கேட்டால் மழுப்பலாம். ஆளையும் மாதத்தையும் இரவையும் சேர்த்துக் கேட்டால் ஒரு எண் வந்தாக வேண்டும். செலவு எகிறுவது இரவு தங்கும்போதுதான். வீட்டில் வயதான அம்மா இருப்பவருக்கும், கைக்குழந்தை உள்ள தங்கைக்கும், மாலைக் கல்லூரியில் படிப்பவருக்கும் முடிவெடுக்கத் தேவையான எண்ணும் அதுதான்.

அழைத்துப் பேசுபவர் கம்பெனி ஆளா, கன்சல்டன்சி ஆளா என்பதையும் பாருங்கள். கன்சல்டன்சிக்காரருக்கு நீங்கள் சேர்ந்தால்தான் காசு. கம்பெனியின் டூர் விவரம் அவருக்குப் பெரும்பாலும் தெரியாது, தெரிந்ததுபோலப் பேசுவார். அவரிடம் கோபப்பட ஒன்றும் இல்லை. “சரிங்க சார், இதைக் கம்பெனி எச்.ஆர். கிட்ட கேட்டுச் சொல்றீங்களா? இல்ல, நான் இன்டர்வியூல கேட்டுக்கட்டுமா?” என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு அவர் ஒப்புக்கொள்வார். இன்டர்வியூவில் ஏரியா மேனேஜர் இருந்தால் அவர்தான் சரியான ஆள். அவர் அந்த ஊர்களில் பைக் ஓட்டியவர்.

இரண்டாவது, முன்பணக் கேள்வி. இதை முதல் அழைப்பில் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. வெட்கப்பட்டு அல்ல. அப்போது உங்களைப்போல நாற்பது பேர் பட்டியலில் இருப்பார்கள், கழித்துவிடுவது எளிது. ‘நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்’ என்று சொன்ன பிறகு, ‘சரி, சேர்கிறேன்’ என்று நீங்கள் சொல்வதற்கு முன்பு, நடுவில் இரண்டு மூன்று நாள் இருக்கும். அந்த நாட்களில்தான் உங்கள் வார்த்தைக்கு எடை. அவர்கள் தேடி முடித்துவிட்டார்கள். இன்னொருவரைத் தேட அவர்களுக்குச் சலிப்பாக இருக்கும்.

கேட்கும் விதம் முக்கியம். “சார், என்கிட்ட காசு இல்ல” என்று தொடங்காதீர்கள். உங்கள் வறுமை அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. கம்பெனியின் நடைமுறை என்ன என்று கேளுங்கள்:

“மேடம், டூர் செலவுக்குக் கம்பெனி முன்பணம் தருதா, இல்ல நாங்க செலவு பண்ணி பில் கொடுக்கணுமா? பில் கொடுத்தா எந்தத் தேதிக்குள்ள கணக்குல வரும்?”

இது ஒரு வேலைக்காரரின் கேள்வி. இதற்கு நான்கு விதமான பதில் வரும்.

“முன்பணம் தருவோம்” என்றால் நல்லது. எவ்வளவு, எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணத்துக்குக் கணக்குக் கொடுக்காவிட்டால் அதைச் சம்பளத்தில் பிடிப்பார்கள், அது சட்டப்படியும் செல்லும். ஆகவே பில்களைப் பத்திரமாக வையுங்கள். லாட்ஜ் பில்லின் மை ஒரு மாதத்தில் மங்கிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

“கம்பெனியே டிக்கெட்டும் ரூமும் போட்டுவிடும்” என்றால் அதுவும் நல்லதுதான். சில நேரம் முன்பணத்தைவிட நல்லது. ஆனால் சாப்பாடு, ஊருக்குள் ஓடும் பெட்ரோல் யார் செலவு என்று கேளுங்கள். லாட்ஜ் விஷயத்தில் நம் ஆட்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்பேத்கர் 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். அடையாளம் தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மனிதர் அவர். வேலை கொடுத்த சமஸ்தானம் தங்கும் இடத்தை உறுதி செய்யவில்லை. அவருக்கு நடந்ததில் பாதி அந்த ஓட்டையால் வந்தது. இன்று டவுன் லாட்ஜில் ஆதார் அட்டை போதும். ஆனால் களப்பணி என்று கிராமத்தில் தங்கச் சொன்னால், ‘யார் வீட்டில், யார் ஏற்பாடு’ என்று கேட்டுவிடுங்கள். ‘போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது சிலருக்குத்தான் எளிது.

“நீங்கள் செலவு செய்யுங்கள், பில் கொடுத்தால் வந்துவிடும்” என்பது மூன்றாவது பதில். அதிகம் வருவது இதுதான். இதோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். இங்கிருந்துதான் பேரம் தொடங்குகிறது. முன்பணம் தரும் வழக்கமே இல்லாத கம்பெனியிடமும் இரண்டு விஷயம் கேட்கலாம். ஒன்று: “முதல் மாசத்துக்கு மட்டும் ஒரு தொகை முன்பணமா தர முடியுமா? ரெண்டாவது மாசம் பில்லுல கழிச்சுக்கலாம்.” இன்னொன்று: “பதினைஞ்சு நாளுக்கு ஒரு தடவை பில் கொடுத்து வாங்கிக்கலாமா?”

இந்த இரண்டாவது கேள்வியின் பலனை மேலே போட்ட கணக்கிலேயே பாருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பில் கொடுத்து, அடுத்த பத்து நாளில் பணம் வந்தால், நின்றுபோகும் தொகை இருபதாயிரம் வரை போகாது. ஐயாயிரம் ரூபாய் பில் கொடுத்த பத்தாம் நாள், அதற்குப் பிறகு செலவானது மூவாயிரத்துச் சொச்சம். ஆக அதிகபட்சம் எட்டாயிரத்துச் சொச்சம்தான் வெளியே நிற்கும். ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கவில்லை. தேதியை மட்டும் மாற்றினோம். பாரம் பாதிக்கு மேல் குறைந்தது.

நான்காவது பதில்: “அதெல்லாம் சேர்ந்து பார்த்துக்கலாம்.” இது பதிலே அல்ல. மறுபடி ஒருமுறை தன்மையாகக் கேளுங்கள். அப்போதும் அதே வார்த்தை வந்தால், பணம் தாமதமாகும் என்று எழுதி வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். சேரவே கூடாது என்று சொல்ல மாட்டேன். வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்து சேர்வது வேறு, தெரியாமல் சேர்ந்து ஜூலை மாதம் தெரிந்துகொள்வது வேறு. இன்னொன்று, “டிரெயினிங்குக்கும் டிராவலுக்கும் நீங்கள் ஒரு டெபாசிட் கட்ட வேண்டும்” என்று எவராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். அது வேலையல்ல, வேட்டை.

இதோடு ஒரு சின்னச் சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘பதினெட்டாயிரம்’ என்பதற்குள் பயணப்படி அடங்கியிருக்கிறதா, தனியா? ‘மாதம் 22,000’ என்று சொல்லி, அதில் நாலாயிரம் பயணப்படி என்று பிரித்திருந்தால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த நாலாயிரம்தான். பத்தாயிரத்துக்கு ஓடினால் மீதி ஆறாயிரம் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். அது கடன்கூட அல்ல, திரும்பி வராது.

எல்லாம் வாயால் பேசி முடித்ததும் அன்றே ஒரு மெயில் அனுப்புங்கள். இதுதான் பலரும் செய்யாமல் விடுவது. பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். “இன்று போனில் பேசியதை உறுதி செய்துகொள்கிறேன். மாதம் சுமார் நான்கு நாள் வெளியூர்ப் பணி, அதில் இரண்டு இரவு தங்க வேண்டும். முதல் மாதத்துக்கு ஐயாயிரம் ரூபாய் முன்பணம். அதன்பின் பில் கொடுத்து பத்து நாளுக்குள் பணம் கணக்கில் வரும். இதில் திருத்தம் இருந்தால் தெரிவிக்கவும்.” ஐந்து வரி. அவர்கள் ‘சரி’ என்றால் நல்லது. பதிலே போடாவிட்டாலும், ‘இப்படிப் பேசினோம், நீங்கள் மறுக்கவில்லை’ என்று காட்ட ஒரு தேதி உங்கள் கையில் இருக்கிறது. ஆஃபர் லெட்டர் வந்ததும் அதில் இந்த விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘கம்பெனி விதிகளின்படி’ என்று மட்டும் இருந்தால், அந்த விதியைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு, லாட்ஜுக்கு உச்சவரம்பு எவ்வளவு என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும். எழுநூறு ரூபாய் உச்சவரம்பு என்று இருக்கும் ஊரில் ஆயிரம் ரூபாய்க்குத் தங்கினால் முந்நூறு உங்களுடையது.

அந்தத் தம்பி மறுநாள் கேட்டார். எச்.ஆர். அம்மா கோபப்படவில்லை. “ஏம்பா, இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே” என்றாராம். முன்பணம் தரும் வழக்கம் இல்லை, ஆனால் புதிதாகச் சேருபவருக்கு மேனேஜர் ஒப்புதலோடு ஐயாயிரம் தரலாம் என்று விதியிலேயே இருந்திருக்கிறது. கேட்டவர்களுக்கு மட்டும் கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. யார் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பதினைந்து நாள் பில்லுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே கடன் முழுதாக ஒழியவில்லை. பத்தாயிரத்துக்குப் பதில் ஐயாயிரம் வாங்கினார், அதுவும் சித்தப்பாவிடம் வட்டி இல்லாமல். பெரிய வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு போன் அழைப்பின் பலன், அவ்வளவுதான்.

இனி என் கதை. இருபது வருடத்துக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். மனித உரிமை பேசிய நிறுவனம். வன்கொடுமை நடந்த ஊர்களுக்குப் போய் விவரம் எடுக்க வேண்டும். மூன்று மாவட்டம் பஸ்ஸில் அலைச்சல். பஸ் டிக்கெட்டைச் சட்டைப்பையில் சேர்த்து வைத்து, மாதக் கடைசியில் தாளில் ஒட்டிக் கொடுப்போம். நிதி வந்தால் காசு வரும். ஒருமுறை மூன்று மாதம் வரவில்லை. அம்மாவின் தோட்டை அடகு வைத்துத்தான் நான் அந்த ஊர்களுக்குப் போய் ‘உங்கள் உரிமை’ என்று பேசினேன். கேட்பதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. இயக்க வேலைக்குக் காசு கேட்பதா என்ற கூச்சம். அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் கூச்சம் இருந்த மாதிரி தெரியவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்களின் ரயில் டிக்கெட் முன்கூட்டியே எடுக்கப்பட்டது.

தோடு திரும்பவில்லை. அம்மா அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

அதனால் இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதி வேலை தேடும் பிள்ளைகளுக்கு அல்ல, நமக்கு. நம்மில் பலர் இன்று சிறிய அமைப்புகள் நடத்துகிறோம். உண்மை அறியும் குழு என்று மாணவர்களை அனுப்புகிறோம். பயிற்சி முகாமுக்கு வரச் சொல்கிறோம். ‘டிக்கெட் வச்சிருங்க தோழர், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொல்கிறோம். அந்த ‘அப்புறம்’ யார் வீட்டுத் தோடு என்று கேட்டுக்கொள்வோம். அனுப்பும் முன் பஸ் காசைக் கையில் கொடுக்க முடியவில்லை என்றால், அந்தப் பயணத்துக்கு நம்மிடம் நிதி இல்லை என்றுதான் பொருள். அடுத்த முறை கூட்டத்தில் ஒரு தம்பியோ தங்கையோ எழுந்து, “பஸ் காசு முன்னாடியே தருவீங்களா தோழர்?” என்று கேட்டால், முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். எவ்வளவு, எந்தத் தேதியில் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.